வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரிக்கு இரண்டு பொருள் வந்தால்: எழுதியவருக்கு எதிராகப் படிக்கும் விதியும் அதற்கு முன் செய்ய வேண்டியவையும்

வாடகை ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து தெளிவாக இல்லை என்றால், "எழுதியது வீட்டுக்காரர், அதனால் தீர்ப்பு எனக்குத்தான்" என்று வாடகைதாரர்கள் பலர் நம்புகிறார்கள். அந்த விதி உண்மையிலேயே இருக்கிறது. சட்டக்காரர்கள் அதை 'கான்ட்ரா ப்ரோஃபெரென்டெம்' என்ற லத்தீன் பெயரால் சொல்வார்கள். தெளிவில்லாத வாசகத்தை, அதை எழுதிக் கொண்டுவந்தவருக்குப் பாதகமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். ஆனால் நீதிபதி கையில் எடுக்கும் கடைசிக் கருவி அது. மற்ற வழிகளெல்லாம் முயன்று பார்த்தும் இரண்டு பொருளும் சமமாக நிற்கும்போதுதான் அதற்கு வேலை வரும். முதல் கடிதத்திலேயே அதை நீட்டினால், எதிர்த்தரப்பு வக்கீல் "வாசகம் தெளிவாகத்தானே இருக்கிறது" என்று ஒரே வரியில் ஒதுக்கிவிடுவார். அந்தக் கடைசிப் படிவரை எப்படிப் போய்ச் சேர்வது என்பதை ஒரே ஒரு ஷரத்தை வைத்துப் பார்ப்போம்.

இந்த விதியின் பழைய வேர்களில் ஒன்று வாடகையும் விற்பனையும்தான். ரோமானியச் சட்ட அறிஞர் பாபினியன், தெளிவற்ற உடன்பாடு விற்பவருக்கும் வாடகைக்கு விடுபவருக்கும் பாதகமாக வேண்டும் என்று பழைய சட்ட அறிஞர்கள் கருதியதாக எழுதினார். 533-ஆம் ஆண்டு வெளியான பேரரசர் ஜஸ்டினியனின் சட்டத் தொகுப்பில் அந்த வரி இடம்பெற்றது. காரணத்தையும் பாபினியன் சேர்த்தே சொன்னார்: நிபந்தனையை இன்னும் தெளிவாக எழுதும் அதிகாரம் விற்பவர், வாடகைக்கு விடுபவர் கையில்தான் இருந்தது. இந்தக் காரணத்தை நினைவில் வையுங்கள். விதி எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

நாம் பார்க்கப்போகும் ஷரத்து

ஒரு குடியிருப்பு வீடு, இரண்டு ஆண்டு ஒப்பந்தம். வீட்டுக்காரரின் முகவர் அச்சடித்த படிவத்தில் எழுதிக் கொடுத்தது. அதில் மூன்று ஷரத்துகள் நமக்கு வேண்டும்.

ஷரத்து 9: "சிறு பழுதுகளும் குழாய், மின்சாரப் பராமரிப்பும் வாடகைதாரரின் பொறுப்பு."

ஷரத்து 14: "கட்டிடத்தின் கட்டமைப்பு சார்ந்த பழுதுகளை உரிமையாளர் சரிசெய்வார்."

ஷரத்து 17: "உரிமையாளரின் எழுத்துபூர்வ அனுமதியின்றி வாடகைதாரர் சுவர்களை இடிக்கவோ துளையிடவோ மாற்றவோ கூடாது."

எட்டாவது மாதம் சுவருக்குள் போகும் பழைய தண்ணீர்க் குழாய் துருப்பிடித்து உடைகிறது. சுவரை உடைத்து, லைன் முழுவதையும் மாற்ற வேண்டும். வீட்டுக்காரர் ஷரத்து 9-ஐக் காட்டி "குழாய் உங்கள் பொறுப்பு" என்கிறார். இரண்டு பக்கமும் ஒரே வரியைத்தான் படிக்கிறார்கள்.

முதல் படி: இரண்டு பொருளையும் எழுதிப் பாருங்கள்

"ஷரத்து குழப்பமாக இருக்கிறது" என்று சொன்னால் போதாது. எந்தெந்தப் பொருள்களுக்கு நடுவே குழப்பம் என்பதை முழு வாக்கியமாக எழுத வேண்டும். இங்கே குறைந்தது மூன்று வாசிப்புகள் கிடைக்கின்றன.

ஒன்று, 'சிறு' என்ற சொல் 'பழுதுகள்' என்பதோடு நின்றுவிடுகிறது. ஆகவே குழாய், மின்சாரம் தொடர்பான எல்லா வேலையும், சிறிதோ பெரிதோ, வாடகைதாரருடையது. இரண்டு, 'சிறு' வரி முழுக்கப் போகிறது. சிறு பழுது, சிறு அளவிலான பராமரிப்பு மட்டுமே வாடகைதாரருடையது. மூன்று, 'சிறு' எங்கே நின்றாலும் சரி, 'பராமரிப்பு' என்பது இருப்பதை ஓடும் நிலையில் வைத்திருப்பது. அடைப்பை எடுப்பது, வாஷர் மாற்றுவது, தேய்ந்த ஸ்விட்சை மாற்றுவது எல்லாம் அதில் வரும். ஆயுள் முடிந்த லைனைப் புதிதாகப் போடுவது அதில் வராது.

எழுதிய பிறகு ஒரு சோதனை. வழக்கில் சம்பந்தமில்லாத ஒருவரிடம் ஷரத்தை மட்டும் காட்டி, இந்த வாசிப்புகளில் எதை நியாயமாக ஏற்க முடியும் என்று கேளுங்கள். ஒன்றைத்தான் ஏற்க முடியும் என்றால் உங்களிடம் இருப்பது இருபொருள் இல்லை, விருப்பமில்லாத பொருள். இன்னொரு வாசிப்பைக் கற்பனை செய்ய முடிந்தது என்பது மட்டும் போதாது. நியாயமான ஒருவர் அப்படியும் படிப்பார் என்ற அளவுக்கு அது நிற்க வேண்டும்.

இன்னும் இரண்டு விஷயங்களை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. 'நியாயமான கால அவகாசம்' போன்ற சொல்லுக்கு ஒரே பொருள்தான், அளவுதான் திட்டமாக இல்லை. அதைச் சூழ்நிலை வைத்து அளப்பார்கள், எழுதியவருக்கு எதிராகத் திருப்ப மாட்டார்கள். அப்புறம், ஒப்பந்தம் ஒரு விஷயத்தைப் பற்றி எதுவுமே பேசவில்லை என்றால் அது வெற்றிடம். அதை நிரப்புவது அந்த நாட்டு வாடகைச் சட்டம். ஆகவே எந்த வாதத்துக்கும் முன்னால், உங்கள் நாட்டுச் சட்டமே இந்தப் பழுதுக்கு யார் பொறுப்பு என்று ஏற்கெனவே சொல்கிறதா, அதை ஒப்பந்தத்தால் மாற்றவே முடியாது என்கிறதா என்று பாருங்கள். அப்படிச் சொன்னால் ஷரத்து 9-க்கு என்ன பொருள் என்ற கேள்வியே தேவையில்லாமல் போகலாம்.

இரண்டாம் படி: ஒப்பந்தம் முழுவதையும் படியுங்கள்

வழக்கின் பெரும்பகுதி இங்கேதான் முடிவாகிறது. ஒரு ஷரத்தைத் தனியாகப் பிய்த்துப் படிக்க எந்த நீதிமன்றமும் விரும்பாது. மற்ற ஷரத்துகளோடு எந்த வாசிப்பு ஒத்துப்போகிறது என்றுதான் பார்க்கும்.

வீட்டுக்காரரின் நல்ல வாதத்திலிருந்தே தொடங்குவோம், ஏனென்றால் அது உண்மையிலேயே வலுவானது. எந்தச் சொல்லும் வீணாகக் கூடாது என்று ஒரு பழைய விதி உண்டு. 'சிறு பழுதுகள்' என்று ஏற்கெனவே சொன்ன பிறகு, 'குழாய், மின்சாரம்' என்று தனியாக எழுதியது எதற்கு? இரண்டாவது வாசிப்பை ஏற்றால் அந்தச் சொற்களுக்கு வேலையே இல்லை, சிறு குழாய்ப் பழுது முதல் பகுதியிலேயே அடங்கிவிடும். ஆகவே முதல் வாசிப்புதான் சரி என்பார்.

இதற்குப் பதில் மூன்றாவது வாசிப்பில் இருக்கிறது. ஒரே வரியில் 'பழுது' என்றும் 'பராமரிப்பு' என்றும் வேறு வேறு சொல் போட்டிருக்கிறார்கள். வேறு சொல் போட்டால் வேறு பொருள் என்று எடுத்துக்கொள்வது இயல்பு. பழுது என்பது கெட்டுப்போன பிறகு செய்வது; பராமரிப்பு என்பது கெடாமல் இருக்கச் செய்வது. அப்படிப் படித்தால் எந்தச் சொல்லும் வீணாகவில்லை: கெட்டுப்போன சின்னச் சின்னச் சாமான்களைச் சரிசெய்வதும், குழாய், மின்சாரத்தை அவ்வப்போது கவனித்துக்கொள்வதும் வாடகைதாரர் வேலை. லைன் மாற்றுவது இரண்டிலும் வராது. கவனியுங்கள், வாடகைதாரர் இரண்டாவது வாசிப்பைப் பிடித்துக்கொண்டிருந்தால் இந்த இடத்தில் மாட்டியிருப்பார். முதல் படியில் வாசிப்புகளைத் தனித்தனியாக எழுதச் சொன்னது இதற்காகத்தான்.

அடுத்து ஷரத்து 14. சுவருக்குள் புதைந்த குழாய் கட்டமைப்பின் பகுதியா? இரண்டு விதமாகவும் சொல்லலாம். சில ஒப்பந்தங்கள் கட்டமைப்பு என்பதற்கு விளக்கம் தந்திருக்கும். தந்திருந்தால் அதுவே முடிவு. இங்கே இல்லை. ஆகவே இந்த ஷரத்தை நம்பி வாதத்தைக் கட்டுவது சரியில்லை.

ஷரத்து 17 வேறு மாதிரி. அனுமதியில்லாமல் வாடகைதாரர் சுவரைத் தொடவே கூடாது. அப்படியிருக்க, சுவரை உடைத்தால்தான் செய்ய முடிகிற வேலையை ஷரத்து 9 அவர் தலையில் கட்டியிருக்குமா? முதல் வாசிப்பை ஏற்றால், ஒரு ஷரத்து கட்டளையிடும் வேலையை இன்னொரு ஷரத்து தடுக்கிறது. மூன்றாவது வாசிப்பில் அந்த மோதல் இல்லை. வீட்டுக்காரர் "நான்தான் அனுமதி தருகிறேனே" என்பார். தரலாம், ஆனால் கேள்வி கையெழுத்துப் போட்ட நாளில் இந்த ஆவணம் என்ன சொன்னது என்பது. சுவருக்குள் இருப்பது உரிமையாளர் கையில் என்ற பிரிவினையை அது அன்றே காட்டுகிறது.

இதே படியில், அச்சடித்த படிவத்தில் கையால் எழுதிச் சேர்த்த வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். அச்சு ஒன்று சொல்லி, கையால் எழுதியது வேறு சொன்னால் கையால் எழுதியதற்கே மதிப்பு. இருவரும் உட்கார்ந்து யோசித்து எழுதியது அதுதானே. பொது ஷரத்தும் குறிப்பான ஷரத்தும் மோதினால் குறிப்பானது வெல்லும்.

மூன்றாம் படி: கையெழுத்துப் போட்டபோது இருவருக்கும் என்ன தெரியும்?

இரண்டு ஆண்டு தங்கப்போகிறவர், பல பத்தாண்டு உழைக்கும் குழாய் லைனைத் தன் செலவில் போட்டுக் கொடுக்கச் சம்மதித்திருப்பாரா? சாதாரண அறிவு இல்லை என்றுதான் சொல்லும். ஒப்பந்தக் காலம், வாடகை, வீட்டின் வயது, ஒப்படைத்தபோது எழுதிய நிலைக் குறிப்பு எல்லாம் இந்தக் கேள்விக்கு உதவும். குழாய் பழையது என்று நிலைக் குறிப்பிலேயே எழுதியிருந்தால் அது வாடகைதாரருக்குக் கிடைத்த பெரிய துணை.

ஆனால் இந்தப் படி இரு பக்கமும் வெட்டும். வாடகை வழக்கத்தைவிடக் குறைவாக இருந்து, "ரிப்பேர் எல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வதால்தான் இந்த வாடகை" என்று ஒரு செய்தியும் இருந்தால் படம் அப்படியே மாறிவிடும். அந்தச் செய்தியை நீதிமன்றம் பார்க்குமா என்பதில் நாட்டுக்கு நாடு வித்தியாசம் உண்டு. இங்கிலாந்துச் சட்டத்தில், ஒப்பந்தத்துக்கு முந்தைய பேரத்தைப் பொருள் கொள்ளப் பயன்படுத்தக் கூடாது என்பதே விதி. பிறகு இருவரும் நடந்துகொண்ட விதமும் பொதுவாக அப்படியே. சர்வதேச வணிக ஒப்பந்தங்களுக்கான யுனிட்ருவா கோட்பாடுகளோ இரண்டையும் கணக்கில் எடுக்கச் சொல்கின்றன. உங்கள் ஊர்ச் சட்டம் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ளாமல் பழைய செய்திகளை நம்பி உட்காராதீர்கள். அழிக்கவும் வேண்டாம்; அவை வேறு காரணத்துக்குத் தேவைப்படும், அது அடுத்த படியில்.

'இது அநியாயம்' என்பதும் 'இது தெளிவில்லை' என்பதும் ஒன்றல்ல என்று உணர்த்தும் வழக்கு ஒன்று உண்டு. வேல்ஸில் உள்ள ஒரு விடுமுறைக் குடியிருப்பில், 99 ஆண்டுக் குத்தகைகள். சேவைக் கட்டணம் முதல் ஆண்டு 90 பவுண்டு, பிறகு ஆண்டுதோறும் 10 சதவீதம் கூட்டு முறையில் ஏறும் என்று வாசகம். 1980-இல் கொடுத்த குத்தகைக்கு அது 2015-இல் 2,500 பவுண்டைத் தாண்டியது. 2072-இல் ஆண்டுக்கு 5,50,000 பவுண்டுக்கு மேல் போகும். 90 பவுண்டில் தொடங்கி ஏறும் அந்தத் தொகை உச்ச வரம்பு மட்டுமே, உண்மைச் செலவில் ஒரு பங்கைத்தான் தர வேண்டும் என்று குத்தகைதாரர்கள் வாதாடினார்கள். அர்னால்டு எதிர் பிரிட்டன் என்ற அந்த வழக்கில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2015-இல் நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் அதை ஏற்க மறுத்தது. வாசகம் தெளிவு, விளைவு மோசமாகப் போனது என்பதற்காகப் பின்னோக்கிப் போய்ப் பொருளை மாற்ற முடியாது என்றது. எனக்கு அந்த விளைவு கசப்பாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அதன் தர்க்கத்தை ஒவ்வொரு வாடகைதாரரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். நம் குழாய் வழக்கில் "இரண்டு ஆண்டுக்காரர் லைன் போடுவாரா" என்ற வாதம் ஏன் நிற்கிறது? வாசகத்திலேயே இரண்டு பொருள் இருப்பதால்தான். 'குழாய் தொடர்பான அனைத்துப் பழுதும், மாற்று வேலையும் உட்பட, வாடகைதாரர் செலவு' என்று எழுதியிருந்தால் அந்த வாதத்துக்கு இடமே இல்லை.

நான்காம் படி: யார் எழுதியது என்று நிரூபியுங்கள்

இவ்வளவு பார்த்தும் தராசு நடுவில் நின்றால், இப்போதுதான் பாபினியன் சொன்ன விதி வருகிறது. கலிஃபோர்னியாவின் சிவில் சட்டத் தொகுப்பு, பிரிவு 1654-இல், இந்த வரிசையை வெளிப்படையாகவே எழுதிவைத்திருக்கிறது: முந்தைய விதிகளால் தீராத ஐயம் இருந்தால், அந்த ஐயம் ஏற்படக் காரணமானவருக்கு எதிராக வாசகத்தைப் படிக்க வேண்டும்.

விதி எல்லா நாட்டிலும் ஒரே அச்சில் இல்லை. ஜெர்மனியில், முன்கூட்டியே தயாரித்த பொது நிபந்தனைகளில் ஐயம் வந்தால், அவற்றைப் பயன்படுத்தியவருக்கு எதிராகப் போகும். பிரான்சின் சிவில் சட்டம் இரண்டாகப் பிரிக்கிறது: ஒருவர் நீட்டி மற்றவர் அப்படியே ஏற்ற ஒப்பந்தமானால் நீட்டியவருக்கு எதிராக, பேசி முடித்த ஒப்பந்தமானால், கடமையைக் கேட்டு வாங்குபவருக்கு எதிராக, கடமைப்பட்டவருக்குச் சாதகமாக. பிரிட்டனில் 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம், வணிகருக்கும் நுகர்வோருக்கும் இடையிலான ஒப்பந்தத்தில் நுகர்வோருக்கு அதிகச் சாதகமான பொருளே நிற்கும் என்கிறது. அந்தச் சட்டத்தின் கீழ் வாதாட, வீட்டுக்காரர் தொழில்முறையில் வீடு விடுபவர் என்று காட்ட வேண்டியிருக்கும்.

எந்த வடிவமானாலும் 'எழுதியவர் யார்' என்ற கேள்விக்குக் காகிதத்தில் பதில் வேண்டும். படிவம் எந்த மின்னஞ்சலில், யாரிடமிருந்து, எந்தத் தேதியில் வந்தது? நீங்கள் ஏதாவது மாற்றம் கேட்டீர்களா, "இது எங்கள் வழக்கமான படிவம், மாற்ற முடியாது" என்று பதில் வந்ததா? அந்த ஒரு வரி இந்தப் படியில் தங்கம். முகவர் எழுதியது வீட்டுக்காரர் எழுதியதற்குச் சமம், அவருக்காகத்தானே எழுதினார்.

விதி எதிர்த்திசையிலும் பாயும். வாடகைதாரரே இணையத்திலிருந்து படிவத்தை எடுத்துவந்து நீட்டியிருந்தால் ஐயம் அவருக்கு எதிராகப் போகலாம். படிவம் வீட்டுக்காரருடையது, ஆனால் சர்ச்சைக்குரிய ஷரத்தை மட்டும் வாடகைதாரர் கேட்டுச் சேர்த்தார் என்றால், அந்த ஷரத்துக்கு அவர்தான் எழுதியவர். இரு பக்கமும் வக்கீல் வைத்து வரிக்கு வரி பேசி முடித்த கடை, அலுவலகக் குத்தகைகளில் இந்த விதிக்குப் பெரிய பலம் இல்லை. தெளிவாக எழுதும் அதிகாரம் இருவர் கையிலும் இருந்ததால் ஒருவரை மட்டும் தண்டிக்கக் காரணம் இல்லை. 'இந்த ஒப்பந்தம் இரு தரப்பாராலும் சேர்ந்து தயாரிக்கப்பட்டது' என்று ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருந்தால், அது இந்த விதியை முடக்கத்தான் அங்கே வைக்கப்பட்டிருக்கிறது. கையெழுத்துப் போடும் முன் அதைத் தேடிப் பாருங்கள்.

ஐந்தாம் படி: கடிதம்

வாதங்களைக் கடிதத்தில் வைக்கும்போதும் இதே வரிசை. குழாய் பழையது என்ற நிலைக் குறிப்பும் மாற்றத்தை மறுத்த பதிலும் கையில் இருப்பதாக வைத்துக்கொண்டால், நம் வழக்குக்கு நான் எழுதுவது இப்படி:

"ஷரத்து 9 குழாய்ப் பராமரிப்பைப் பற்றிப் பேசுகிறது, அதே வரி பழுதைத் தனியாகக் குறிப்பிடுகிறது. சுவருக்குள் ஆயுள் முடிந்த லைனை மாற்றுவது இரண்டிலும் அடங்காது. ஷரத்து 17 சுவரைத் தொட எனக்கு அதிகாரம் தரவில்லை என்பதோடு இந்தப் பொருளே ஒத்துப்போகிறது. நிலைக் குறிப்பிலும் குழாய்கள் பழையவை என்று பதிவாகியுள்ளது. இதற்கு மேலும் ஐயம் இருப்பதாகக் கருதினால், படிவம் தங்கள் முகவர் தந்தது, நான் கேட்ட மாற்றம் மறுக்கப்பட்டது என்பதால், ஐயத்தின் பலன் எனக்கே வர வேண்டும். தண்ணீர்க் கசிவால் கட்டிடத்துக்குச் சேதம் ஏற்படாமலிருக்க, இந்தத் தேதிக்குள் வேலையைத் தொடங்கக் கேட்டுக்கொள்கிறேன்."

'இதற்கு மேலும்' என்ற இரண்டு சொற்கள்தான் முக்கியம். வாசகமே என் பக்கம், அது போதவில்லை என்றால் விதியும் என் பக்கம் என்று சொல்கிறது. விதியை முதலில் வைத்தால், வாசகம் என் பக்கம் இல்லை என்று நாமே ஒப்புக்கொண்டதுபோல ஆகும்.

பதில் வரும்வரை வாடகையை நிறுத்தாதீர்கள். பொருள் விளக்கத்தில் நீங்கள் தோற்றால், பாக்கி வைத்ததே வெளியேற்றத்துக்குத் தனிக் காரணமாகிவிடும். கசிவு காத்திருக்க முடியாத அளவில் இருந்து நீங்களே செலவு செய்ய வேண்டி வந்தால், எழுத்தில் அனுமதி வாங்கி, "உரிமையைக் கைவிடாமல் செலுத்துகிறேன்" என்று எழுதிவைத்துச் செய்யுங்கள். உடைப்பதற்கு முன்னும் பின்னும் படம் எடுத்து, அரித்த குழாய்த் துண்டையும் பத்திரப்படுத்துங்கள். உடைந்தது பராமரிப்புக் குறையாலா, வயதாலா என்ற கேள்விக்கு அந்தத் துண்டுதான் சாட்சி. குழாயை வாடகைதாரரே தட்டி உடைத்திருந்தால் மேலே சொன்ன வாதம் எதுவும் உதவாது, அது தவறு செய்தவர் பொறுப்பு.

ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது ஷரத்து 9-ஐ அப்படியே விடவேண்டாம். "வாஷர், குழாய் முனை, ஸ்விட்ச், பல்பு ஆகியவற்றை மாற்றுவதும் அடைப்பு நீக்குவதும் வாடகைதாரர் செலவு, சுவர், தரை, கூரைக்குள் செல்லும் குழாய், மின் இணைப்புகளைப் பழுதுபார்ப்பதும் மாற்றுவதும் உரிமையாளர் செலவு, ஒருவரின் கவனக்குறைவால் ஏற்பட்ட சேதம் அவரவர் செலவு" என்று எழுதினால், 'சிறு' என்ற சொல்லும் 'பராமரிப்பு' என்ற சொல்லும் இல்லாமலே வேலை முடிந்துவிடுகிறது. அந்த வாசகத்தை எழுதிக் கொடுப்பது நீங்கள் என்றால், அதில் ஏதாவது ஐயம் மிஞ்சினால் அது இந்த முறை உங்களுக்கு எதிராகப் போகலாம். ஆகவே கையெழுத்துக்கு முன் வீட்டுக்காரரிடம் கொடுத்து, மீட்டர் பெட்டி எந்தப் பக்கம், தண்ணீர்த் தொட்டியின் மோட்டார் எந்தப் பக்கம் என்று கேட்டு, பதிலையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.